பொருள்: தண்டு நசிந்து, வேர் காய்ந்து வந்த அடுக்கு மல்லிகைக் கன்று – ஓடர் இலக்கம் 20817

2025 மார்ச் 17, திங்கட்கிழமை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். மார்ச் 8ஆந் திகதி உங்கள் தளத்தில் ஓர் அடுக்கு மல்லிகைக் கன்று ஓடர் பண்ணினேன். கன்றுக்கு 2,900 ரூபா, கொண்டுவந்து தருவதற்கு 450 ரூபா, எல்லாமாக 3,350 ரூபாவை அன்றைக்கே கார்டில் கட்டிவிட்டேன். கன்று 15ஆந் திகதி சனிக்கிழமை காலை பத்தரை மணியளவில் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடிக்கு வந்து சேர்ந்தது. ஐந்து தண்டுகளில் மூன்று நசிந்தும், ஒன்று அடியோடு முறிந்தும் இருந்தன. வேர் முழுவதும் காய்ந்து கிடந்தது.

அன்று மத்தியானமே வாட்ஸ்அப்பில் படங்களோடு உங்களுக்கு அறிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை பதில் வந்தது. செடி உயிருள்ள பொருள் என்றும், கூரியரிடம் ஒப்படைத்த பிறகு நடப்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்றும், நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டால் தளிர்க்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் என்பதை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லாமல் இங்கே முழுமையாக எழுதுகிறேன். உங்கள் தளத்தில் தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருந்ததால் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. கொண்டுவந்த தம்பி அதை நிமிர்த்திப் பிடித்தபடிதான் படியேறி வந்தார். வெளியே ஒரு நசிவு இல்லை, மூலைகள் நான்கும் கூராகவே இருந்தன. பிரிக்கும் முன்பே எடுத்த படத்தை முதலாவதாக இணைத்திருக்கிறேன், பாருங்கள். ஏதாவது பாரம் ஏறி நசிந்திருந்தால் பெட்டியும் அல்லவா நசிந்திருக்க வேண்டும்?

உள்ளே பார்த்தபோதுதான் விளங்கியது. பெட்டியின் உட்பக்க நீளம் 16 அங்குலம். கன்றை நிமிர்த்தி அளந்தால் 23 அங்குலம் வருகிறது. அந்த ஏழு அங்குலத்தை அடக்குவதற்காகத் தண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, மடித்து, மடித்த இடத்திலேயே செல்லோடேப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். டேப்பை வெட்டி எடுத்தபோது மூன்று தண்டுகளில் தோல் வெடித்து நார் வெளியே தெரிந்தது. நசிந்த இடங்கள் மூன்றும் ஒரே உயரத்தில், டேப் சுற்றிய அதே இடத்தில் இருக்கின்றன. நான்காவது தண்டு அந்த மடிப்பிலேயே முறிந்து இலையோடு பெட்டிக்குள் கிடந்தது. இரண்டாவது, மூன்றாவது படங்களில் அளவுநாடாவையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். இதைச் செய்தது கூரியர்காரர் இல்லை. அவரிடம் கன்று போகும் முன்பே, பெட்டியை மூடிய கையால் நடந்தது இது.

அடுத்தது வேர். எனக்கு அதிகம் மனவருத்தம் தந்தது இதுதான். உங்கள் தளத்தில் கன்றை எட்டு அங்குலச் சாடியில், மண்ணோடு, மொட்டு விட்ட நிலையில் காட்டியிருந்தீர்கள். சாடி இல்லாமல், மண்ணை உதறிவிட்டு அனுப்புவீர்கள் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. எனக்கு வந்தது, வெறும் வேரைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிய ஒரு கன்று. சரி, சாடியின் பாரத்தைக் குறைக்க அப்படி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது தெரியும். ஆனால் அப்படி அனுப்பும்போது வேரை நனைத்த சாக்கிலோ ஈரத் தும்புத்தூளிலோ பொதிந்து, அதற்கு மேலே பொலித்தீனைக் கட்டித்தானே அனுப்ப வேண்டும்? இந்தச் செய்தித்தாளை விரித்துப் பார்த்தேன். ஈரம் பட்டுக் காய்ந்த தாள் சுருங்கி, கறை பிடித்திருக்கும். இதில் ஒரு சொட்டு நீர் பட்ட அடையாளமும் இல்லை, கடைக்குப் போய் வாங்கிய தாள் மாதிரி மொரமொரவென்று இருந்தது. பொலித்தீனும் இல்லை. ஆகவே வேர் காய்ந்த நிலையிலேயேதான் சுற்றப்பட்டிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தகவலின்படி பார்சல் 11ஆந் திகதி செவ்வாய்க்கிழமை மாலை புறப்பட்டிருக்கிறது. 13ஆந் திகதி வியாழக்கிழமை போயா. விடுமுறை என்பதால் பார்சல் அன்று எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் கிடந்திருக்கும். மார்ச் மாத வெக்கையில், மூடிய பெட்டிக்குள், ஈரமே இல்லாமல் நான்கு நாள். போயா எந்தத் திகதியில் வரும் என்பது நாட்காட்டி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விடயம். செடி விற்கிறவர்கள் அதைப் பார்த்து அந்த வாரம் அனுப்பாமல் விட்டிருக்கலாம், அல்லது திங்கட்கிழமையே அனுப்பியிருக்கலாம். நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு வாரம் பிந்தி வந்தாலும் சந்தோசமாக வாங்கியிருப்பேன்.

தண்ணீர் விட்டால் தளிர்க்கும் என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர் விடாமல் இருப்பேனா? வந்த உடனேயே டேப்பை அவிழ்த்து, வேரை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் வைத்தேன். நசிந்த தண்டுகளை நசிவுக்குக் கீழே, நல்ல இடம் பார்த்துச் சாய்வாக வெட்டினேன். மண், மணல், தும்புத்தூள் கலந்து சாடியில் வைத்து, குசினி யன்னல் பக்கம், வெயில் நேரே படாத இடத்தில் வைத்திருக்கிறேன். கடற்பக்கப் பல்கனியில் உப்புக்காற்று வீசும் என்பதால் அங்கே வைக்கவில்லை. எனக்குச் செடி வளர்த்துப் பழக்கம் இருக்கிறது. எங்கள் பல்கனியில் கறிவேப்பிலையும் செவ்வரத்தையும் கற்பூரவள்ளியும் ஆறு வருசமாக நிற்கின்றன.

மல்லிகையில் தண்ணீரை உறிஞ்சுவது தடித்த வேர் இல்லை, அதன் நுனியில் மயிர்போல இருக்கும் வெள்ளை வேர்கள். வெளியே எடுத்துக் காற்றில் விட்டால் அவைதான் முதலில் சாகும். நான் பார்த்தபோது ஒரு வெள்ளை நுனிகூட இல்லை. எல்லாம் மண்ணிறமாகி, விரலால் தொட்டாலே பொடிந்து விழுந்தன. நான்காவது படம் அது. அந்த வேர்கள் செத்த பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மேலே ஏறாது. கூட ஊற்றினால் மிச்சம் இருப்பதும் அழுகும். இன்று காலை நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்த்தேன். வெட்டிய தண்டுகளில் இரண்டு உள்ளே பழுப்பாகிவிட்டன, மற்றதில் அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை தெரிகிறது. நசியாத அந்த ஒரு தண்டில் நான்கு இலை இருந்தது, மூன்று உதிர்ந்துவிட்டது. தப்புமா என்று தெரியவில்லை. பிழைக்கட்டும் என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு செடிக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேனே என்று நீங்கள் நினைக்கக்கூடும். இதை நான் வாங்கியது அம்மாவுக்காக. அவருக்கு 74 வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகும் வாய்க்கால் ஓரமாக ஓர் அடுக்கு மல்லிகை நின்றது. பின்னேரம் மொட்டை ஆய்ந்து, வாழைநாரில் கட்டி, சாமிப்படத்துக்குப் போட்ட பிறகுதான் அம்மா விளக்கேற்றுவார். கொழும்புக்கு வந்த பிறகு கோவிலடியில் பூ வாங்குகிறோம். அதில் அவருக்கு மனம் நிறைவதில்லை. தன் கையால் ஆய்ந்த பூ வேண்டும் என்று ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்சல் வந்த அன்று குளித்துவிட்டு வந்து பக்கத்திலேயே இருந்தார். செய்தித்தாளை விரித்ததும் ஒன்றும் பேசவில்லை. வேரை எடுத்து மடியில் வைத்து, “இதைத் தண்ணி காட்டாமலே அனுப்பிப்போட்டாங்கள் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். நான் இவ்வளவு நேரம் விளக்கியதை அவர் பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டார்.

உங்கள் தளத்தில் “நல்ல நிலையில் வந்து சேரும் என்று உறுதி தருகிறோம்” என்று கன்றுப் படத்துக்குக் கீழேயே போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் படத்தையும் ஐந்தாவதாக இணைத்திருக்கிறேன். அதை நம்பித்தான் காசு கட்டினேன். உறுதி தந்தது நீங்கள், கூரியர் நிறுவனம் இல்லை. அவர்களைத் தெரிந்தெடுத்ததும் நீங்கள்தான். அவர்களில் பிழை இருந்தால் அதை நீங்கள் அவர்களோடு பேசித் தீர்க்க வேண்டும், வாங்கியவரிடம் தள்ளிவிட முடியாது. இங்கே அவர்களில் பிழை இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். அதே வகை அடுக்கு மல்லிகைக் கன்று ஒன்றை, சாடியோடும் மண்ணோடும், மடிக்காமல் தர வேண்டும். அதற்கு மறுபடி காசு கேட்கக் கூடாது. கொழும்புக்குள்ளோ தெஹிவளைப் பக்கமோ உங்களுக்குக் கன்று இறக்கும் இடம் இருந்தால் சொல்லுங்கள், நானே ஆட்டோவில் வந்து எடுத்துக்கொள்வேன். பார்சலில் அனுப்பினால் திங்கட்கிழமையில் அனுப்புங்கள். கன்றைவிட நீளமான பெட்டியில், ஒரு மூங்கில் குச்சியோடு தளர்த்தியாகக் கட்டி, சாடி வாயைப் பொலித்தீனால் மூடி, பெட்டியில் நான்கு துளையும் போட்டால் காணும். அதற்கு நூறு இருநூறு ரூபா கூட வந்தால் அதை நான் தருகிறேன்.

அப்படித் தர முடியாவிட்டால் 3,350 ரூபாவையும் நான் கட்டிய கார்டுக்கே திருப்பி அனுப்புங்கள். பாதிக் காசு தருவது, அடுத்த ஓடருக்குக் கழித்துவிடுவது போன்றவற்றை ஏற்க மாட்டேன். வந்த கன்றைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்பலாம், ஆனால் இன்னொரு பயணத்தை அது தாங்காது. பார்க்க விரும்பினால் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி, செய்தித்தாள், டேப் எல்லாவற்றையும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 24 திங்கட்கிழமைக்குள் பதில் தாருங்கள். வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் படங்களையும் பற்றுச்சீட்டையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடாகக் கொடுப்பேன். அவர்களுடைய 1977 இலக்கத்துக்கு அழைப்பது எனக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது மல்லிகை. அதனால் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. பொதி கட்டுகிறவர் யாரோ ஒரு பிள்ளையாக இருக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி கட்டுகிறாரோ தெரியாது. அவரை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. 16 அங்குலப் பெட்டியைக் கொடுத்து 23 அங்குலக் கன்றை அடக்கச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? சரியான பெட்டியையும் ஒரு வாளித் தண்ணீரையும் அவருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஓடரில் கொடுத்த அதே தொலைபேசி இலக்கத்தில் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ என்னோடு கதைக்கலாம். நான் வேலைக்குப் போயிருந்தால் அம்மா எடுப்பார், அவரிடமே சொல்லலாம்.

இப்படிக்கு,
சி. சுகந்தினி
வெள்ளவத்தை, கொழும்பு 6

இணைப்பு: படங்கள் 5, பற்றுச்சீட்டு 1