ஜனவரி 5–16 ஸ்பிரின்ட்: இன்றைய திட்டக் கூட்டத்தில் முடிவானவை

எல்லோருக்கும் வணக்கம்,

காலைக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. கடைசியில் எதை எடுத்தோம், எதைத் தள்ளினோம் என்று இங்கே எழுதி வைக்கிறேன். தப்பாக இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள். பிறகு டிக்கெட்டுகளைப் பூட்டிவிடுவேன்.

முதலில் நாள் கணக்கு. 15, 16 பொங்கல் விடுமுறை, அதனால் கையில் இருப்பது 8 வேலை நாள். ஆனந்த் 13, 14 இரண்டு நாளும் ஊரில். கவிதாவும் ஜெனிஃபரும் போகியன்று லீவு. ஐந்து பேருக்கும் சேர்த்து 36 ஆள்-நாள். முழு ஸ்பிரின்ட்டில் நாம் முடிப்பது 28 பாயின்ட் அளவு, அந்த விகிதத்தில் இப்போது 20 வரும். 18 மட்டும் எடுத்திருக்கிறோம். பால் சங்கங்களிலிருந்து வரும் போன்களுக்காக மிச்சம் 2.

எடுத்துக்கொண்ட வேலை

இரட்டைப் பதிவுதான் இந்த ஸ்பிரின்ட்டின் தலையாய வேலை. ஒரு உறுப்பினர் காலையில் ஊற்றிய 6.4 லிட்டர் பால், கணக்கில் இரண்டு முறை ஏறியிருக்கிறது. பதிவு சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பதில் போவதற்குள் சிக்னல் போய்விட்டது. ஆப் அதையே மறுபடி அனுப்பிவிட்டது. 1 முதல் 10 வரையிலான பட்டுவாடா பில் 11ஆம் தேதி ஓடும். அதற்குள் இது சரியாகவில்லை என்றால் தப்பான தொகை ஒருவர் கைக்குப் போய், அடுத்த பில்லில் பிடித்தம் செய்ய வேண்டிவரும். பால் காசில் குடும்பம் ஓட்டுகிறவரிடம் அப்படிப் போய் நிற்கக் கூடாது. எனவே ரிலீஸ் 8ஆம் தேதி வியாழன், தள்ளிப்போடுவதற்கில்லை.

உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றையும் சேர்த்து ஒரே பதிவுதான் என்று பூட்டிவிடலாமே என்று முதலில் பேசினோம். பசும்பாலும் எருமைப்பாலும் ஒரே வேளையில் தனித்தனியாக ஊற்றுகிறவர்கள் உண்டு என்று ரஹீம் நினைவுபடுத்தினார். நல்ல வேளை! அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஆப்பே ஒரு எண் போட்டு அனுப்பும், மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான்:

```sql
ALTER TABLE collection ADD COLUMN client_ref uuid;
ALTER TABLE collection ADD CONSTRAINT uq_client_ref UNIQUE (client_ref);
```

சர்வர் பக்கம் கவிதா, 5 பாயின்ட். கவிதா 3 என்றார், ஜெனிஃபர் 8 என்றார். பாதியில் நெட்டைத் துண்டித்துத் துண்டித்து டெஸ்ட் செய்ய வேண்டும், அது சின்ன வேலை இல்லை என்பது ஜெனிஃபரின் வாதம். அது நியாயம்தான், 5இல் நின்றோம். ஆப் பக்கம் ஆனந்த், 3. பழைய ஆப் இந்த எண்ணை அனுப்பாது, ஆகவே எல்லாச் சங்கங்களிலும் ஆப்பைப் புதுப்பிக்க வைப்பதும் இந்த வேலைக்குள் அடக்கம். ஏற்கெனவே ஏறிவிட்ட இரட்டைகளைக் கண்டுபிடிப்பது கவிதா, 2. எதையும் அழிக்கப் போவதில்லை; குறியிட்டு வைப்போம், சங்கச் செயலாளர் பார்த்து உறுதிசெய்த பிறகே கணக்கிலிருந்து நீங்கும்.

அப்புறம், பில் பிடிஎஃபில் தமிழ் உடைவது. ‘பொன்னுசாமி’யில் ஒற்றைக்கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. தன் பெயரே இப்படி அச்சாகி வந்தால் யாருக்கும் மனசு கஷ்டப்படும். ரஹீம், 3 பாயின்ட்.

செயலாளர் ஒரு பதிவைத் திருத்தினால் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிவது: நான் எடுக்கிறேன், 3. கொழுப்பு, எஸ்.என்.எஃப் அளக்கும் கருவியிலிருந்து நேரடியாக அளவைப் படிக்க முடியுமா என்ற ஆய்வு மட்டும் ரஹீம், 2.

தள்ளி வைத்தவை

தமிழ் எஸ்எம்எஸ் ரசீது அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு. டிஎல்டி பதிவில் வார்ப்புருவுக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. அது இல்லாமல் செய்தியே போகாது. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிதான். கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாகக் கணக்காகும். எனவே வாசகத்தைச் சுருக்கி எழுதும் வேலையை இப்போதே தொடங்கலாம், அதற்குப் பாயின்ட் இல்லை.

கருவியை ஆப்போடு இணைப்பது ரஹீமின் ஆய்வு முடிந்த பிறகே. அதுவரை மதிப்பீடும் போடவில்லை. மாவட்ட அளவிலான அறிக்கைப் பக்கம் பிப்ரவரிக்கு. கேட்டவர்களிடம் நான் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் முடிவாகாமல் நிற்கிறது: 8ஆம் தேதிக்குள் ஆப்பைப் புதுப்பிக்காத சங்கங்களின் பில்லை 11ஆம் தேதி நிறுத்தி வைப்பதா, கையால் சரிபார்த்து விடுவதா? பொங்கல் செலவுக்கு இந்தக் காசைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அதனால் கையால் சரிபார்க்கலாம் என்பது என் விருப்பம். கவிதா, எத்தனை சங்கம் என்ற எண்ணிக்கையை 9ஆம் தேதி காலை கொடுத்தால் அன்றே முடிவு செய்துவிடலாம்.

டெமோ 19ஆம் தேதி திங்கள், காலை 11 மணி.