சக மாணவர் மதிப்பாய்வு: “மனித நோய்களில் பெரியம்மை மட்டும் ஏன் முற்றாக ஒழிந்தது?” (முதல் வரைவு)

உன் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் நான்காம் பத்தியின் நடுவில் இருக்கிறது: “இந்த வைரஸுக்கு மனிதனைத் தவிர வேறு எந்த உயிரினத்திலும் தங்குமிடம் இல்லை, நோய் வந்தவரை முகத்தைப் பார்த்தே அடையாளம் காணலாம்.” கேட்ட கேள்விக்கு விடை இதுதான். ஆனால் வாசகர் அங்கே வந்து சேர்வதற்குள் பாதிக் கட்டுரை முடிந்துவிடுகிறது. கீழே நான் எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த வாக்கியத்தை எப்படி மேலே கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான்.

மையக் கருத்து: 5க்கு 2

ரூப்ரிக்கில் 5 மதிப்பெண்ணுக்கு “முதல் பத்தியிலேயே நேரடி விடை, ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய நிலைப்பாடு” என்று இருக்கிறது. உன் முதல் பத்தி “பெரியம்மை ஒழிப்பு மருத்துவ வரலாற்றின் மாபெரும் வெற்றி” என்று முடிகிறது. இதை யார் மறுக்கப் போகிறார்கள்? அதனால்தான் 2 கொடுத்தேன். வாக்கியத்தில் தவறில்லை. ஆனால் கேள்வி “ஏன்” என்று கேட்கிறது, உன் வரைவு பெரும்பாலும் “எப்படி நடந்தது” என்று சொல்கிறது.

உன்னிடம் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். எனக்குப் புரிந்தவரை நீ சொல்ல வருவது இது: தடுப்பூசி இல்லாமல் பெரியம்மை ஒழிந்திருக்காது, ஆனால் தடுப்பூசி மட்டும் இருந்தும் ஒழிந்திருக்காது. நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் அதை உன் சொற்களில் முதல் பத்தியின் கடைசி வாக்கியமாக வை. “மனிதன் தோன்றிய நாள் முதல் நோய்களோடு போராடி வருகிறான்” என்ற தொடக்கத்தை எடுத்துவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை.

சான்றுகள்: 5க்கு 4

நீ நன்றாகத் தேடியிருக்கிறாய் என்று இங்கே தெரிகிறது. ஆறாம் பத்தியில் கிழக்கு நைஜீரியா பற்றி எழுதியது அருமை. 1966 இறுதியில் எல்லோருக்கும் போடத் தடுப்பூசி போதாமல், நோய் வந்தவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் போட்டு வில்லியம் ஃபோகியின் குழு பரவலை நிறுத்தியதைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறாய். ஆனால் அதைச் சம்பவமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். அந்த முறை பலித்ததே நோயாளியைக் கண்டுபிடிக்க முடிந்ததால்தானே? நான்காம் பத்தியில் சொன்னதற்கு நிரூபணம் இங்கே இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்.

சரிபார்க்க வேண்டிய இடங்கள்:

“1967இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மையை ஒழிக்க முடிவு செய்தது” என்கிறாய். முடிவு எடுத்தது 1959இல். 1967இல் தொடங்கியது தீவிரப்படுத்தப்பட்ட திட்டம். இதைத் திருத்தினால் உன் வாதம் இன்னும் வலுக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் தடுப்பூசியும் தீர்மானமும் இருந்தன, ஆனால் பணம் போதவில்லை, தரமான தடுப்பூசி போதிய அளவு கிடைக்கவில்லை, வேலை மந்தமாகவே நடந்தது. “தடுப்பூசி மட்டும் போதாது” என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

“பசு அம்மையைக் கொண்டு முதன்முதலில் பாதுகாப்பு அளித்தவர் ஜென்னர்” என்பதில் “முதன்முதலில்” வேண்டாம். பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி 1774லேயே தன் குடும்பத்தாருக்கு அதைச் செய்திருக்கிறார். ஜென்னர் 1796இல் சோதித்து, 1798இல் வெளியிட்டு, பிறரும் செய்யும்படி ஆக்கினார். அப்படியே எழுதிவிடலாம்.

“1977க்குப் பிறகு யாருக்கும் வரவில்லை” என்பதில் “இயற்கையாக” என்று சேர். கடைசி இயற்கைத் தொற்று 1977 அக்டோபரில் சோமாலியாவில். ஆனால் 1978இல் பர்மிங்காமில் ஆய்வகத்தோடு தொடர்புடைய தொற்றில் ஒருவர் இறந்தார்.

“இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேர் இறந்தனர்” என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீடு என்று சொல்லி, எங்கிருந்து எடுத்தாய் என்பதையும் குறிப்பிடு.

அமைப்பு: 4க்கு 2

பத்திகள் ஆண்டு வரிசையில் போகின்றன: ஜென்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டு, 1967, 1980. படிக்கச் சுலபமாக இருக்கிறது, எங்கும் குழப்பம் இல்லை. ஆனால் காரணங்கள் இந்த வரிசையில் சிதறிப் போகின்றன. வெப்பத்தைத் தாங்கும் உலர்த்திய தடுப்பூசி மூன்றாம் பத்தியில், மருந்தை மிச்சப்படுத்திய இருமுனை ஊசி ஏழாம் பத்தியில். இரண்டும் “எந்த ஊருக்கும் எடுத்துப்போய் யாரும் போடக்கூடியதாக இருந்தது” என்ற ஒரே காரணத்தின் கீழ் வருபவை. காரணத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்துப் பார்: நோயின் இயல்பு, கருவிகள், தேடிப்போன முறை, நாடுகளின் ஒத்துழைப்பு. கடைசியில் சொன்னதற்கு உன்னிடம் ஏற்கெனவே நல்ல விஷயம் இருக்கிறது. பனிப்போர்க் காலத்திலும் சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் ஒரே திட்டத்துக்கு உதவியது. இரண்டாம் பத்தியில் உள்ள ஜென்னரின் இளமைக்கால வரலாற்றில் பாதியைக் குறைத்தால் இவற்றுக்கு இடம் கிடைக்கும். (எட்டு வயதுச் சிறுவன் ஃபிப்ஸ் பற்றிய இரண்டு வரிகளை மட்டும் தொடாதே. நன்றாக எழுதியிருக்கிறாய்.)

எதிர்வாதம்: 3க்கு 1

“சிலர் தடுப்பூசியை எதிர்த்தனர்” என்ற ஒற்றை வரிக்காக 1. அது வரலாற்றில் இருந்த எதிர்ப்பு. உன் வாதத்துக்கு எதிரான கேள்வி இல்லை. உன்னை உண்மையில் மடக்கக்கூடிய கேள்வி வேறு: தட்டம்மைக்கு 1963இலிருந்தும் போலியோவுக்கு 1955இலிருந்தும் தடுப்பூசி இருக்கிறதே, அவை ஏன் இன்னும் ஒழியவில்லை? பயப்படாதே, பதில் உன் நான்காம் பத்தியிலேயே இருக்கிறது. போலியோ தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. தட்டம்மை தடிப்பு தோன்றுவதற்குச் சில நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. யாரைச் சுற்றி வளையம் போடுவது? மற்ற பத்திகளில் ஒன்றையும் தொட நேரம் இல்லாவிட்டாலும் இந்தப் பத்தியை மட்டும் எழுதிவிடு.

மொழி: 3க்கு 2

எளிமையான நடை, சத்தமாக வாசித்தால் தடுக்கவில்லை. ஐந்தாம் பத்தியின் முதல் வாக்கியம் மட்டும் ஆறு வரி ஓடுகிறது. “மேலும்” வரும் இடத்தில் வெட்டிவிடு. “மாபெரும்” நிறைய இடங்களில் வருகிறது. “ஒற்றுமையே பலம்” என்ற முடிவுரை யாருடைய கட்டுரைக்கும் பொருந்தும். உன்னுடையது அதைவிடக் குறிப்பானது.

மொத்தம் 20க்கு 11. இது இந்த வரைவுக்கான எண். மையக் கருத்தையும் எதிர்வாதத்தையும் சரிசெய்தால் மட்டுமே நான்கைந்து மதிப்பெண் கூடும், புதிதாக எதையும் தேடிப் படிக்கத் தேவையில்லை. மேற்கோள் பட்டியல் வரைவில் இன்னும் இல்லாததால் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. 1959 பற்றி நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உன் மூலநூலிலும் ஒருமுறை பார்த்துவிடு. வேறு எங்கேயாவது உன் கருத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் ஓரத்தில் எழுது, புதன்கிழமை வகுப்புக்கு முன் பேசிக்கொள்ளலாம்.