தலையடி நெல்லும் விதைக்கோட்டையும்: அப்பாயி சொல்ல எழுதியது

இது என் அப்பாயி சொன்னது. அவருக்கு வயது 78. ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடை. போன ஆண்டு சித்தப்பா நெல் திருவிழாவில் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி வந்தார். வாங்கிய இரண்டு கிலோவுக்கு அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இந்தத் தையில் அறுவடை. விதைக்கென்று சித்தப்பா பிளாஸ்டிக் சாக்கை உதறியதும் அப்பாயி என்னைக் கூப்பிட்டு, "எழுதிக்கோ, அவனை மாதிரி இன்னும் எத்தனை பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்களோ" என்றார்.

மூன்று நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தேன். புயலில் ஆரம்பித்தார், வைக்கோலில் விதைநெல்லைக் கட்டி வைக்கிற கோட்டைக்குப் போனார், அங்கிருந்து தன் கல்யாணத்துக்குப் போய் மறுபடி புயலுக்கு வந்தார். வேலை நடக்கிற வரிசையில் நான் அடுக்கினேன். மூன்று இடத்தில் கிடந்த புயலை ஒன்றாக்கிக் கடைசியில் வைத்தேன். திரும்பத் திரும்ப வந்ததை ஒருமுறை வைத்துக்கொண்டேன், பத்தி பிரித்தேன். அவ்வளவுதான். 'எழுதிக்கோ' என்று சொல்லிவிட்டால் அப்பாயி கடிதத் தமிழுக்கு மாறிவிடுவார். சிங்கப்பூரில் இருந்த தன் அண்ணனுக்கு ஆள் வைத்துச் சொல்லி எழுதிய பழக்கம் அது.

படித்துக் காட்டியபோது ஒரு சொல்லில் நிறுத்தினார். என்னையறியாமல் 'சேமிக்க' என்று எழுதியிருந்தேன். "நான் எங்கடி சேமிக்கச் சொன்னேன்? காபந்து பண்ணணும்னுல்ல சொன்னேன்." மாற்றிவிட்டேன். இனி அவர் பேச்சு.

*

விதைநெல்லைக் களத்துக்கு வந்த பிறகு தேடக் கூடாது. பயிர் நிற்கும்போதே பார்த்து வைக்க வேண்டும். வரப்பு ஓரம் வேண்டாம், அது பக்கத்து வயலோடு கலந்திருக்கும். வயலுக்கு நடுவே கதிர் எல்லாம் ஒன்றுபோல் சாய்ந்திருக்கிற இடமாகப் பாருங்கள். அதிலும் ஒன்றிரண்டு தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அது கலவன். பாவம் பார்க்காமல் பிடுங்கிப் போடுங்கள். இந்த வருடம் ஒரு கதிர் என்று விட்டால் அடுத்த வருடம் வயலே அவன் வயல்.

மிஷின் விடுகிறவர்கள் அந்த இடத்தை மட்டும் முதல் நாளே கருக்கரிவாளால் அறுத்து எடுத்துவிடுங்கள். மிஷின் வயிற்றுக்குள் போனால் தலையடி எது, மிச்சம் எது என்று யாருக்குத் தெரியும்? அறுத்த கதிர்க்கட்டைக் கல்லில் இரண்டு அடி அடியுங்கள், மிஞ்சினால் மூன்று அடி. அதில் உதிர்வதுதான் தலையடி நெல். முற்றின மணி முந்தி உதிரும், அதான் கணக்கு. வைக்கோலோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் போரடிக்கு விட்டுவிடுங்கள், அது சோற்றுக்கு. என் மாமியார் தலையடி நெல்லில் ஒரு பிடிகூட உலைக்குப் போட விட மாட்டார்கள். வீட்டில் அரிசி இல்லாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய நாளிலும் அதைத் தொடவில்லை.

காய வைக்கிறதில் அவசரம் ஆகாது. காலை வெயிலும் சாயங்கால வெயிலும் போதும். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் கொட்டினால் நெல் வெந்துபோகும், அப்புறம் முளைக்காது. மூன்று நாள், நாலு நாள். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும். பல்லில் நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்த சூட்டோடு அள்ளிக் கட்டவும் கூடாது. ஒரு ராத்திரி ஆற விட வேண்டும்.

இனிமேல் கோட்டை. சாக்குக்கு மூச்சு கிடையாது தம்பி, வைக்கோலுக்கு உண்டு. நீள வைக்கோலாக எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிரி முறுக்குங்கள். ஒருவர் முறுக்க, ஒருவர் வைக்கோல் கொடுக்க வேண்டும். அந்தப் பிரியைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அதன்மேல் வைக்கோலை வட்டமாகப் பரப்புங்கள், நடுப்பக்கம் கனமாக. நெல்லோடு காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் கலந்து நடுவில் கொட்டுங்கள். சுற்றி இருக்கிற வைக்கோலைத் தூக்கி மூடி, பிரியை மேலே இழுத்து, முழங்காலை மேலே ஊன்றி இறுக்குங்கள். பிறகு கட்டையால் தட்ட வேண்டும். தட்டத் தட்ட நெகிழும், நெகிழ நெகிழ இறுக்க வேண்டும். கடைசியில் உருட்டிவிட்டால் பூசணிக்காய் மாதிரி உருள வேண்டும். கையால் அமுக்கினால் உள்ளே போகக் கூடாது.

எனக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது ஆடுதுறை 27 நெல் வந்த புதிது. நான் கட்டின முதல் கோட்டை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு இருந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவிழ்த்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் மறுபடி கட்டினேன். நாலு தடவை.

கட்டி முடித்துச் சாணியைக் கரைத்து மேலே முழுவதும் மெழுகுங்கள். வைக்கோல் தெரியக் கூடாது. காய்ந்ததும் பரணில் ஏற்றுங்கள். அடுப்புக்கு மேல் பரண் இருந்தால் ரொம்ப நல்லது, புகைக்குப் பூச்சி அண்டாது. உங்கள் இரண்டு கிலோவுக்கு, நாலு கிலோவுக்குச் சின்னதாகக் கட்டினால் போதும். அளவு சின்னது என்று இறுக்கத்தைக் குறைத்துவிடாதீர்கள். காபந்து பண்ணுவது அந்த இறுக்கம்தான்.

விதைக்கிற காலம் வந்தால் கோட்டையைப் பிரிக்க வேண்டாம். அப்படியே குளத்தில் ஊறப் போடுங்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி. தூக்கித் தண்ணீரை வடியவிட்டு, மேலே வைக்கோல் மூடிக் கல்லைப் பாரம் வையுங்கள். உள்ளே கையை விட்டால் சுடும். சுட்டால் சரி, முளை கட்டுகிறது என்று அர்த்தம்.

புயலைச் சொல்கிறேன். 77ஆம் வருடம், ஐப்பசி, தீபாவளி கழிந்த கையோடு. குறுவை அறுத்து இரண்டு கோட்டை கட்டிப் பரணில் ஏற்றி அதிகநாள் ஆகவில்லை. வயலில் சம்பா நின்றது. ராத்திரி காற்று மாறி மாறி அடித்தது. கூரை ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தது. பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் அழுதுகொண்டு நிற்கிறேன், மாமியார் இருட்டில் பரணுக்கு ஏறுகிறார்கள். "பிடிடி" என்று ஒரு சத்தம். ஒரு கோட்டை என் கையில் வந்து விழுந்தது. அப்புறம் இன்னொன்று. இரண்டையும் நெல் கொட்டி வைக்கிற குதிருக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, அதன்மேல் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் படுத்துக்கொண்டோம்.

விடிந்து பார்த்தால் கூரை இல்லை. சம்பா முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறது. ஊரில் தென்னை ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. மாமியார் முதலில் குதிர் மூடியைத் திறந்து கோட்டையின் அடிப்பக்கம் கையை வைத்துப் பார்த்தார்கள். சாணி மெழுகினது பிசுபிசுவென்று இருந்தது. உள்ளே விரலை நுழைத்து நாலு நெல்லை எடுத்துக் கடித்தார்கள். டக்கென்று சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அந்த இரண்டு கோட்டையையும் ஊறப் போட்டோம். எங்கள் தெருவில் விதையில்லாத மூன்று வீட்டுக்கு மரக்கால் மரக்காலாக முளையோடு அளந்து கொடுத்தோம். திருப்பிக் கொடுக்கும்போது அவர்களும் தலையடி நெல்தான் கொண்டுவந்தார்கள்.