கல்யாணத்துக்கு அப்புறம் முதல் ஊர்: கன்னியாகுமரி

விருந்து, மறுவீடு, சொந்தக்காரர் வீடுகள் என்று ஒரு பெரிய சுற்று முடிந்த பிறகு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய முதல் ஊர் இது. எங்கே போகலாம் என்று கேட்டபோது ஆளுக்கொரு மலை சொன்னார்கள். எங்களுக்கு ராத்திரி ரயிலும் காலையில் கடலும் இருந்தால் போதும் என்று தோன்றியது, அதனால் எழும்பூரில் ஏறி, தண்டவாளம் முடிகிற ஊர்வரைக்கும் போய்விட்டோம். திரும்பி வந்து துணியெல்லாம் துவைத்து மடித்தாச்சு, இப்போதுதான் படங்களைப் போட உட்கார்ந்திருக்கிறேன். ஆல்பம் நீளம், எழுத்தும் நீளம், பொறுமையாகப் பாருங்கள்.

முதல் படம் ஆரல்வாய்மொழிப் பக்கம், ஓடும் ரயிலில் எடுத்தது, அதனால் காற்றாலைகள் கொஞ்சம் சாய்ந்து தெரியும். மலை இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழிவிடுகிற இடம் அது, காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் நாஞ்சில் நாட்டுக்கும் இந்தப் பக்கத்துக்கும் போய் வருகிறது, முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பதற்கும் அதுதான் காரணம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர். நான் இன்னும் சரியாக முழிக்கவே இல்லை, ஆனாலும் என்னை எழுப்பி ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டு அவர் எதிர் ஓரத்துக்குப் போய்விட்டார். பயணம் முழுக்க அப்படித்தான், நல்ல இடம் எது என்று பார்த்து அதில் என்னை உட்கார வைப்பார், கேட்டால் எனக்கு இங்கேயே நன்றாகத் தெரிகிறது என்பார்.

சூரிய உதயம் எல்லோரும் பார்த்த படம்தான், நானும் ஒன்று போட்டிருக்கிறேன். கூட்டம் இருந்தது, குழந்தைகள் தோளில் ஏறி நின்றார்கள், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் தங்கள் தங்கள் மொழியில் ஒரே விஷயத்தைக் கத்தினார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. அதே கரையில் சாயங்காலம் மேற்கே நடந்தால் சூரியன் இறங்குவதையும் பார்க்கலாம், சித்திரைப் பௌர்ணமி அன்றைக்கு ஒரு பக்கம் சூரியன் மறையும்போதே மறுபக்கம் நிலா ஏறும் என்று டீக்கடை அண்ணன் சொன்னார். அந்த நாளில் ஒரு தடவை வர வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டோம்.

அடுத்த நாலு படமும் வள்ளுவர் பாறை. மொத்த உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று. பீடம் 38 அடி, அது அறத்துப்பால். அதன் மேல் நிற்கிற சிலை 95 அடி, பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. வை. கணபதி ஸ்தபதி இடுப்பில் லேசாக ஒரு வளைவு வைத்திருக்கிறார், அவ்வளவு பெரிய கல் ஏதோ நடந்துகொண்டே நின்ற மாதிரி தெரியும். 2000 ஜனவரி 1 அன்று திறந்தது, 2004 சுனாமியில் தண்ணீர் அடித்தும் அசையாமல் நின்றது. இன்பத்துப்பாலை ஒதுக்கி வைக்காமல் சிலையின் உடம்புக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அங்கே போய் நிற்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா.

விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய், அங்கிருந்து கண்ணாடிப் பாலம் வழியாக வள்ளுவர் பாறைக்கு நடந்தோம். 2024 டிசம்பர் கடைசியில் திறந்த பாலம், 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், முன்னெல்லாம் கடல் சரியில்லை என்றால் வள்ளுவர் பக்கம் படகு போகாது, பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும், இப்போது அந்தக் கவலை குறைந்திருக்கிறது. காலுக்குக் கீழே அலை உடைவது தெரிகிறது. நடுவில் என் கால் நின்றுவிட்டது. அவர் "வா வா" என்று இழுக்கவும் இல்லை, பயமா என்று கேட்கவும் இல்லை. பக்கத்தில் வந்து நின்று, கீழே பார்க்காமல் எதிரில் வள்ளுவர் கையைப் பார், மூன்று விரல் தெரிகிறதா என்று கேட்டார். எண்ணிக்கொண்டே நடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். அந்தப் படம் எடுத்தது பின்னால் வந்த ஒரு குடும்பம், முகம் தெரியாத அந்த அக்காவுக்கு நன்றி, இருவரும் சேர்ந்து இருக்கிற படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் தனியாக ஒரு நாள் வைத்துப் போங்கள், அவசரத்தில் பார்க்கிற இடம் இல்லை (திங்கட்கிழமை மூடியிருக்கும்). தக்கலை பக்கம், தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, பார்த்துக்கொள்வது கேரள அரசு. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த மாவட்டமே அந்தப் பக்கம்தானே இருந்தது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். உள்ளே நுழையும்போதே முகமண்டபத்தின் மரக்கூரையில் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை என்று காட்டினார்கள், கழுத்து வலிக்க நாங்கள் இருவரும் ஒரே மாதிரி இரண்டு பூ கண்டுபிடிக்க முடியுமா என்று தேடினோம், கிடைக்கவில்லை. கருப்புத் தரை முகம் பார்க்கலாம் போல் பளபளக்கிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்கிறார்கள். வெறுங்காலில் நடக்கும்போது வெளியே வெயில் இருப்பதே மறந்துபோகும், அப்படி ஒரு குளிர்ச்சி. அவர் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றார். மர அழி வழியாக வெளியே இருப்பவரைப் பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. எனக்கு நடையில் வேகம், அவருக்கு நிதானம், இது அந்த அரண்மனையில்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது, அதற்கப்புறம் அவரோடு சேர்ந்து மெதுவாக நடந்தபோது நானாக இருந்தால் தவறவிட்டிருக்கக்கூடிய எத்தனையோ கண்ணில் பட்டன.

மாத்தூர் தொட்டிப்பாலம் இன்னொரு நாள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல் தண்ணீர் போகிற தொட்டி. காமராஜர் காலத்து யோசனை, 1966இல் கட்டியது, ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு விவசாயத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக. தொட்டியை ஒட்டி நடக்க வழி இருக்கிறது, கீழே தென்னையின் உச்சி தெரிகிறது. பெரிய படம் அங்கே எடுத்ததுதான்.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியும்போதே போய்விட்டோம். மூட்டை மூட்டையாகப் பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, விலையை உரக்கச் சொல்லிக்கொண்டே எடை போடுகிறார்கள், நமக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "மக்களே, புதுப்பொண்ணா? பிச்சி வெச்சுட்டுப் போ, நிக்காத" என்று தலையில் அவரே வைத்துவிட்டார். காசு கொடுத்தபோது பாதியைத் திருப்பித் தந்தார். வாசனை சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. அந்தப் பாட்டியின் படம் போடவில்லை, கேட்க மறந்தால் போடுவதில்லை என்று இருவரும் முன்னாலேயே பேசி வைத்திருந்தோம்.

சாப்பாட்டுப் பக்கத்துக்கு ஆல்பத்தில் நிறைய இடம் போயிருக்கிறது, அதை மாற்ற மாட்டேன். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும், நாகர்கோவில் ரசவடை, நேந்திரம் சிப்ஸ் கண்ணெதிரே சீவி எண்ணெயில் போட்டுச் சூடாக, விரல் நீளமே உள்ள மட்டிப்பழம். மட்டிப்பழத்தைப் பற்றி ஊர்க்காரர்கள் பேசும்போது கண்ணில் ஒரு பெருமை தெரிகிறது, சாப்பிட்ட பிறகு அது சரிதான் என்று நினைத்தேன். அவருக்குக் காரம் ஆகாது, எனக்கு அது இல்லாமல் ஆகாது, கடைசியில் இருவர் தட்டும் நடுவில் வந்துவிட்டது.

இனி கேட்பவர்களுக்கு. எங்கே தங்கினீர்கள், அறையிலிருந்து கடல் தெரிந்ததா, முதல் சண்டை எப்போது, வீடியோ எங்கே என்றெல்லாம் ஏற்கனவே செய்தி வந்திருக்கிறது. அன்பாகத்தான் கேட்கிறீர்கள், தெரியும். இடங்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், ஆட்டோவுக்கு எவ்வளவு, படகுக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், குழந்தையோடு போகலாமா, எல்லாம் சொல்கிறேன். எங்கள் இருவருக்குள் இருந்தது எங்கள் இருவரிடமே இருக்கட்டும். கடற்கரையில் ஒரு சங்கில் பேர் எழுதி வாங்கினோம், அது ஆல்பத்தில் இல்லை, வீட்டுக்கு வந்தால் காட்டுவோமா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. அவர் முகம் நேராகத் தெரியும் படங்கள் கம்மி, அது அவர் விருப்பம், ஒவ்வொன்றையும் காட்டி அவர் சரி என்ற பிறகே போட்டிருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை, இதை எப்படியும் நீங்கள் படிப்பீர்கள். ஒரு ஊரைப் பார்க்கப் போனோம், நான் அங்கே அதிகம் பார்த்தது உங்களைத்தான். வழி கேட்கும்போது பெரியவர்களிடம் நீங்கள் பேசுகிற விதம், என் பையைக் கேட்காமலே வாங்கிக்கொள்வது, நான் சும்மா இருக்கும்போது என்ன ஆச்சு என்று குடையாமல் விட்டுவிடுவது. கல்யாணப் பேச்சு நடந்தபோது இதெல்லாம் எந்த ஜாதகத்திலும் எழுதியிருக்கவில்லை. உங்களோடு இன்னும் நிறைய ஊர் போக வேண்டும். சித்திரைக்கு டிக்கெட் நானே போடுகிறேன், ஜன்னல் ஓரம் இந்தத் தடவை உங்களுக்கு.

அம்மா, அப்பா, அத்தை, மாமா, போய்ச் சேர்ந்தாச்சா என்று வேளைக்கு ஒரு தடவை கேட்டு மற்ற நேரமெல்லாம் எங்களை எங்கள் போக்கில் விட்டதற்கு ரொம்ப நன்றி. அத்தை, நீங்கள் கேட்ட முந்திரிக்கொத்து இரண்டு பாக்கெட் வாங்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம். மாமா ஒன்றைப் பிரித்துவிடுவதற்கு முன்னால் எடுத்து வைத்துவிடுங்கள்.