வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைக்க அனுமதி வேண்டி

பெறுநர்:
செயலாளர், குடியிருப்போர் சங்கக் கமிட்டி,
அழகாபுரம், சேலம்.

ஐயா, வணக்கம்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒரு செருப்பு ஸ்டாண்டு வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறோம். வீட்டில் ஆறு பேர். செருப்பெல்லாம் வாசலிலேயே சிதறிக் கிடக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி கைத்தடி ஊன்றி வருகிறவர், இடறிவிடுவாரோ என்று பயம். உள்ளே வைக்கலாம் என்றால், கதவைத் திறந்ததும் பூஜை அலமாரி.

மூன்று தட்டு இரும்பு ஸ்டாண்டு. 1 அடி அகலம், 2½ அடி நீளம். நடைபாதை 5 அடி என்பதால் 4 அடி வழி மிச்சமிருக்கும். மாடிப்படிக்கும் மீட்டர் பெட்டிக்கும் குறுக்கே வராது. அப்புறம், பெருக்க வரும் அக்கா நகர்த்திக்கொள்ளச் சக்கரமும் உண்டு.

யாருக்காவது இடைஞ்சல் என்றால் அன்றே எடுத்துவிடுகிறோம். வரும் ஞாயிறு கூட்டத்தில் பேசிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சி-7 வீட்டார், இரண்டாம் மாடி