பத்தாம் வகுப்புப் பாடங்களுக்குத் தொலைக்காட்சி வேண்டி தாளாளருக்குக் கடிதம்

அனுப்புநர்:
ச. தமிழரசி,
பட்டதாரி ஆசிரியை (அறிவியல்),
அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
தாளாளர் மற்றும் பள்ளிக் குழு உறுப்பினர்கள்.
வழி: தலைமை ஆசிரியர் அவர்கள்.

நாள்: 3.11.2025

பொருள்: பாடங்களைக் காட்சி வழியாக நடத்த 65 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பத்தாம் வகுப்பு இரு பிரிவுகளுக்கும் நான் அறிவியல் பாடம் எடுத்து வருகிறேன். அந்தப் பாடங்களை நடத்த ஒரு பெரிய திரை எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைத் தங்களிடம் விளக்கமாகச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதயம் பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். வலது வெண்ட்ரிக்கிள் நுரையீரலுக்கும், இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. புத்தகத்திலோ அசையாத ஒரு படமும் அம்புக்குறிகளும்தான் இருக்கின்றன. பிள்ளைகள் அம்புக்குறியைத் தொடர்ந்து போய், வலது பக்கம் முதலில் வேலை செய்து முடித்த பிறகுதான் இடது பக்கம் தொடங்குகிறது என்று புரிந்துகொள்கிறார்கள். தேர்வில் பாகங்களைச் சரியாகக் குறித்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். “லப் சத்தம் எப்போது வருகிறது?” என்று கேட்டால் பதில் வராது. வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கும்போது ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடுவதால் வருவது ‘லப்’. அவை தளரும்போது அரைச்சந்திர வால்வுகள் மூடுவதால் வருவது ‘டப்’. இவ்வளவும் ஏறத்தாழ 0.8 நொடியில் நடந்து முடிகிறது. இதை நான் கரும்பலகையில் எத்தனை வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்தாலும் அசைய வைக்க முடியாது. வேகத்தைக் குறைத்து ஒரு காணொளியைக் காட்டினால் ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.

இப்போதைக்கு என் செல்போனில்தான் காட்டுகிறேன். ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர் தலையை ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள், அப்புறம் அடுத்த பெஞ்சு. ஒரு பிரிவில் 44 பேர். பாடவேளை 40 நிமிடம். கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் மணி அடித்துவிடுகிறது. பாடம் பிடிபடச் சிரமப்படும் பிள்ளைகள் பலர் அந்தக் கடைசி பெஞ்சுகளில்தான் இருக்கிறார்கள் என்பது தங்களுக்கும் தெரியும்.

பாடநூலில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய மணற்கேணி செயலியில் தமிழிலேயே பாடக் காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சியும் இயங்கி வருகிறது. ஆக, பாடத்துக்கு வேண்டிய காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னால் என்ன ஆகிறது? பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. ராத்திரி வந்ததும் டேட்டா இருக்காது. பார்க்க முடிந்த பிள்ளைக்கும் முடியாத பிள்ளைக்கும் நடுவே நாமே ஒரு வேலி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. எல்லாரும் ஒன்றாகப் பார்க்க ஏற்ற இடம் வகுப்பறைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. காதுக்கருவி அணிந்து முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு மாணவி என் உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதிப் பாடத்தைப் பிடிக்கிறாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும் ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பாடம் அறுந்துபோகிறது. படம் திரையில் இருந்தால் நான் பிள்ளைகளைப் பார்த்தபடியே பேச முடியும்.

ஆய்வகத்துக்கும் இது உதவும். நம்மிடம் நல்ல நிலையில் உள்ள நுண்ணோக்கி ஒன்றுதான். வெங்காயத் தோலின் செல்களைப் பார்க்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர், தாங்கள் பார்த்தது செல்லா காற்றுக் குமிழியா என்று தெரியாமலே நகர்கிறார்கள். நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லை மேல் செல்போன் கேமராவைப் பொருத்தி, அந்தக் காட்சியைத் திரைக்கு அனுப்பிவிட்டால், “இதுதான் செல்சுவர், இதுதான் உட்கரு” என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொட்டுக் காட்டலாம்.

சமூக அறிவியல் ஆசிரியரும் இந்தக் கோரிக்கையில் என்னோடு சேர்ந்துகொள்கிறார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நம் பிள்ளைகள் சின்னக் குழந்தைகள். காற்று சட்டென்று அடங்கி, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடித்தது ஏன் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். புயலின் கண் நகர்வதைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டினால், இந்த மண்ணில் வாழும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான புவியியல் பாடம் வேறு எது? தமிழ், ஆங்கில ஆசிரியர்களும் ஒலிப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

புரொஜெக்டரா, டிவியா என்பதையும் யோசித்துப் பார்த்தோம். புரொஜெக்டரில் படம் பெரிதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் நம் அறைகளில் இரண்டு பக்கமும் ஜன்னல். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் படம் வெளிறிவிடும். விளக்கு உள்ள புரொஜெக்டர் என்றால் சில ஆண்டுகளில் விளக்கை மாற்றும் செலவும் வரும். டிவிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 20 அடி அறையில் கடைசி பெஞ்சிலிருந்து எழுத்தைப் படிக்க 43 அங்குலம் போதவே போதாது. 65 அங்குலமாவது வேண்டும்.

விலை விசாரித்தேன். சுவரில் மாட்டும் செலவும் ஸ்டெபிலைசரும் சேர்த்து ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் முடியும் என்கிறார்கள். கடந்த செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால் வாங்க இது நல்ல சமயம். இணைய இணைப்பு தனியாக வேண்டாம். காணொளிகளைப் பென் டிரைவில் ஏற்றி வந்து போட்டுக்கொள்வோம். மொத்தத் தொகையும் இப்போது சிரமம் என்றால், முன்னாள் மாணவர்களிடம் ஒரு பகுதியைத் திரட்டும் பொறுப்பை ஆசிரியர்கள் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

ஆசிரியர் ஓய்வறைக்கு அடுத்துள்ள பழைய கைத்தொழில் அறைக்குக் கம்பிக் கதவும் பூட்டும் இருக்கின்றன. அங்கே மாட்டினால் பாதுகாப்பாக இருக்கும், எல்லா வகுப்புகளும் முறைவைத்து வரலாம். சாவியும் பயன்பாட்டுப் பதிவேடும் என் பொறுப்பில் இருக்கட்டும்.

டிவி வந்தால் பாடம் நடத்துவது குறைந்துவிடுமோ என்ற கவலை குழுவில் சிலருக்கு இருக்கலாம். நியாயமான கவலைதான். ஒரு பாடவேளையில் பத்து நிமிடத்துக்கு மேல் காணொளி ஓடாது. அதையும் இடையிடையே நிறுத்தி, “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடர்வேன். மீதி நேரம் கரும்பலகையும் குறிப்பேடும்தான். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை நிமிடம் என்பது பதிவேட்டில் இருக்கும். தாங்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்துகொண்டிருக்கின்றன. அதே பொதுத்தேர்வைத்தான் நம் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கும். அதற்குள் டிவி வந்துவிட்டால், இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கே கடினமான பாடங்களை ஒருமுறை திரையில் காட்டித் தெளிவாக்கிவிடுவேன்.

எனவே, வரும் பள்ளிக் குழுக் கூட்டத்தில் இக்கோரிக்கையை எடுத்துக்கொண்டு ஒப்புதல் அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு அழைத்தால் நேரில் வந்து விளக்கமளிக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. தமிழரசி

இணைப்பு:
விலைப்புள்ளிகள் – 3
காட்சி அறைக்கான உத்தேசக் கால அட்டவணை – 1