நீரின் குளிர்வு ஆய்வு: பிரிவு 5 – எடுகோள்களும் பிழைக்கான காரணங்களும்

முந்தைய பிரிவில் கொடுத்த அளவீடுகளுக்கு நாங்கள் பொருத்தியது நியூட்டனின் குளிர்வு விதி தரும் இந்தச் சமன்பாடு:

T(t) = Ts + (T0 − Ts)e^(−kt)

இதில் Ts அறை வெப்பநிலை, T0 தொடக்க வெப்பநிலை, k குளிர்வு மாறிலி, t நிமிடங்களில். கண்ணாடி பீக்கரில் 200 கிராம் வெந்நீர், மேலே மூடி இல்லை, மின்விசிறி அணைத்திருந்தது. 40 நிமிடங்களில் நீர் 78.0 டிகிரியிலிருந்து 46.0 டிகிரிக்கு இறங்கியது. Ts = 31.0 டிகிரி என்று வைத்து, ln(T − Ts)-ஐ நேரத்துக்கு எதிராக வரைந்ததில் k = 0.0282 /நிமிடம், R² = 0.994.

0.994 என்றதும் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. கோட்டிலிருந்து புள்ளிகள் எப்படி விலகுகின்றன என்று பார்த்தால், தொடக்கத்தில் அளந்த வெப்பநிலை கோட்டுக்கு 2.4 டிகிரி மேலே இருக்கிறது. 20-ஆவது நிமிடத்தில் 0.9 டிகிரி கீழே, 40-ஆவது நிமிடத்தில் மறுபடி 0.5 டிகிரி மேலே. ஒழுங்கற்ற பிழை என்றால் மேலும் கீழும் கலந்து சிதறியிருக்க வேண்டும். இங்கே மேல், கீழ், மேல் என்று வளைவாக வருகிறது. அதாவது வரைபடம் நேர்கோடே அல்ல, லேசாக வளைந்த கோடு. முதல் 10 நிமிடங்களின் சாய்வு 0.0353, கடைசி 10 நிமிடங்களின் சாய்வு 0.0236. நீர் ஆற ஆற k குறைகிறது. மாறிலி என்று நாம் வைத்தது மாறுகிறது என்பதால், எந்த எடுகோள் உடைந்தது என்று தேட வேண்டியதாயிற்று.

5.1 ஆவியாதல்

சமன்பாட்டில் வெப்ப இழப்பு (T − Ts)-க்கு நேர்விகிதம் என்று மட்டும்தான் இருக்கிறது. திறந்த பீக்கரில் நீர் ஆவியாகவும் செய்கிறது, அந்த இழப்பு வெப்பநிலை வேறுபாட்டை அல்ல, ஆவியழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது. நீரின் தெவிட்டிய ஆவியழுத்தம் 78 டிகிரியில் சுமார் 43.7 கிலோபாஸ்கல், 46 டிகிரியில் சுமார் 10.1 கிலோபாஸ்கல். அறைக் காற்றில் ஏற்கெனவே 3 கிலோபாஸ்கல் அளவுக்கு நீராவி இருந்ததாக வைத்துக்கொண்டால், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஆவியாதலை உந்தும் அழுத்தம் தொடக்கத்தில் 0.87 கிலோபாஸ்கல், முடிவில் 0.47 மட்டுமே. கிட்டத்தட்ட பாதி. k குறைவதும் இதே திசையில்தான்.

இது வெறும் ஊகமாக நிற்கக் கூடாது என்று பீக்கரை முன்னும் பின்னும் எடை போட்டிருந்தோம். 4.2 கிராம் குறைந்திருந்தது. இந்த வெப்பநிலைகளில் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு சுமார் 2.35 கிலோஜூல் என்பதால், ஆவியோடு போன வெப்பம் ஏறக்குறைய 9.9 கிலோஜூல். நீர் 32 டிகிரி குளிர்ந்ததில் 26.8 கிலோஜூல், பீக்கர் கண்ணாடி 2.7 கிலோஜூல், ஆக மொத்த இழப்பு 29.5 கிலோஜூல். அதில் மூன்றில் ஒரு பங்கு சமன்பாட்டில் இடமே இல்லாத வழியில் போயிருக்கிறது.

அப்புறம், அதே அளவு நீரை அட்டை மூடி போட்டு இரண்டாம் முறை குளிரவிட்டபோது முதல் 10 நிமிடச் சாய்வு 0.0178, கடைசி 10 நிமிடச் சாய்வு 0.0151. வளைவு முழுதும் போகவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனவே முதன்மையான முறையான பிழை ஆவியாதல்தான் என்கிறோம். நீர் குறைந்ததால் வெப்ப ஏற்புத்திறன் 2 சதவீதம் குறைந்தது என்பதும் உண்மை, ஆனால் அது k-ஐக் கூட்டுகிற பக்கம் இழுக்கும். நாங்கள் கண்ட வளைவுக்கு அது காரணமாக முடியாது.

5.2 வெப்ப இழப்புக் கெழு மாறாது என்ற எடுகோள்

மூடி போட்ட பிறகும் மிஞ்சிய வளைவுக்கு இரண்டு காரணங்கள். வெப்பக் கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதை நேர்விகிதமாக எடுத்துக்கொண்டால் அதன் கெழு 46 டிகிரியில் இருப்பதைவிட 78 டிகிரியில் சுமார் 17 சதவீதம் அதிகம். அசையாத காற்றில் இயற்கை வெப்பச்சலனமும் அப்படித்தான்: வேறுபாடு கூடினால் காற்று வேகமாக மேலெழும், கெழுவும் கூடும்.

இங்கே ஒரு வேடிக்கை. 1701-இல் நியூட்டன் சூடான இரும்பைக் குளிரவிட்டது அசையாத காற்றில் அல்ல, சீராக வீசுகிற காற்றில். காற்றின் வேகத்தை வெளியிலிருந்து நிலைப்படுத்தினால் கெழு பெரும்பாலும் மாறாமல் இருக்கும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள் என்று எல்லாக் கையேடும் சொன்னாலும், மூடி போட்டு, விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டிருந்தால் விதி இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும் என்பது எங்கள் கருத்து.

5.3 அறை வெப்பநிலை

Ts மாறாது என்று வைத்தோம். பக்கத்து மேசைகளில் பர்னர் எரிந்ததால் அறை 31.0-இலிருந்து 31.6 டிகிரிக்கு ஏறியது. கணக்கு முழுவதிலும் 31.6 என்று போட்டால் k 0.0288 ஆகிறது, அதாவது 2 சதவீதம்தான் மாற்றம். கடைசி 10 நிமிடச் சாய்வும் 0.0236-இலிருந்து 0.0245 ஆகிறது, அவ்வளவே.

சரி, Ts-ஐயும் பொருத்தலிலேயே கண்டுபிடிக்கலாமே என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. 0, 20, 40 நிமிடப் புள்ளிகளை வைத்து அப்படிச் செய்தால் Ts = 39.1 டிகிரி, k = 0.043. ஒன்பது புள்ளிகளில் ஒன்றுகூட வளைகோட்டிலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகவில்லை! ஆனால் அறை 39 டிகிரியில் இல்லை. ஆவியாதலின் பாதிப்பைப் பொய்யான அறை வெப்பநிலை ஒன்று விழுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். பார்க்க அழகாக இருந்தாலும் அந்தப் பொருத்தலை நாங்கள் ஏற்கவில்லை.

5.4 அளவிடுவதில் வரும் பிழைகள்

வெப்பநிலைமானியின் மீச்சிற்றளவு 1 டிகிரி, அரை டிகிரி வரை மதிப்பிட்டுப் படித்தோம். தொடக்கத்தில் வேறுபாடு 47 டிகிரி, அரை டிகிரி என்பது அதில் 1 சதவீதம். முடிவில் வேறுபாடு 15 டிகிரி, அதே அரை டிகிரி 3 சதவீதத்துக்கு மேல். மடக்கை எடுத்தால் இந்தப் பிழை வால்பகுதியில் பெரிதாகத் தெரியும். எல்லாப் புள்ளிக்கும் சம எடை கொடுத்துக் கோடு போட்டதால், நம்பகம் குறைந்த கடைசிப் புள்ளிகளுக்குத் தகுதிக்கு மேல் செல்வாக்கு கிடைத்திருக்கிறது.

நீர் முழுவதும் ஒரே வெப்பநிலை என்பது இன்னொரு எடுகோள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் கலக்கியதால் இது பெரிதாகக் கெடவில்லை. வெப்பநிலைமானி சில விநாடிகள் தாமதித்துக் காட்டுவது T0-ஐக் கொஞ்சம் கூட்டும். தாமதம் எப்போதும் ஒரே அளவு என்றால் வெட்டுத்துண்டு நகரும், சாய்வு நகராது. நிறுத்துக் கடிகாரப் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல. பீக்கரின் அடியில் மரக்கட்டை வைத்திருந்தோம், அதன் வழியே கடத்தலால் போன வெப்பத்தைத் தனியாக அளக்கவில்லை, அது k-க்குள் சேர்ந்தே இருக்கிறது.

5.5 k-இன் நிச்சயமின்மை

நேர்கோட்டுப் பொருத்தல் தருகிற சாய்வுப் பிழை ±0.0009. அது புள்ளிகள் நேர்கோட்டைச் சுற்றிச் சிதறியவை என்று நம்பிக் கணக்கிட்ட எண், எங்கள் புள்ளிகள் அப்படி இல்லை. ஆகவே திறந்த பீக்கருக்கு k = 0.0282 என்பதை 78 முதல் 46 டிகிரி வரைக்கான சராசரியாக மட்டும் தருகிறோம், அந்த இடைவெளிக்குள் அது 0.035-இலிருந்து 0.024 வரை இறங்குகிறது என்ற குறிப்போடு. இதே k-ஐ வைத்து நீர் 35 டிகிரிக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கணித்தால் 86 நிமிடம் என்று வரும். கடைசிச் சாய்வான 0.0236-ஐ வைத்து 46 டிகிரியிலிருந்து தொடர்ந்தால் 96 நிமிடம். k இன்னும் குறைந்துகொண்டே போகும் என்பதால் உண்மையான நேரம் அதற்கும் மேலே இருக்கவே வாய்ப்பு.